முதல்முறை டீம் லீடரை எப்படித் தேர்வு செய்வது: எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் அட்டவணை

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டில் ப்ரொடக்‌ஷன் பார்க்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் சி.என்.சி. லைனில் லீடர் இடம் காலியானபோது யாரைப் போடுவது என்று நாங்கள் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. மெஷினை ஓட்டுவதற்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டர்களில் இருந்ததிலேயே கைதேர்ந்த ஒருவர் இருந்தார், எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவோம், அவரையே லீடராகப் போட்டோம். நான்கு மாதத்தில் லைன் கலகலத்துப் போனது. ஒரு மெஷினில் சிக்கல் என்றால் அவரே போய் ஸ்பேனரைப் பிடித்துவிடுவார், அந்த நேரத்தில் மற்ற ஐந்து மெஷினில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது, ஆப்பரேட்டர்களும் சின்ன ஆஃப்செட் மாற்றத்துக்குக்கூட அவர் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் அவரே வந்து, "சார், என்னை பழையபடி செட்டராவே விட்டுடுங்க" என்று கேட்டார். தப்பு அவர்மேல் இல்லை. செட்டர் வேலையில் அவர் எப்படி என்று மட்டும் பார்த்துவிட்டு லீடர் வேலையைக் கொடுத்த எங்கள்மேல்தான்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்று மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை வைத்து இதை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்குத்தான் மேனேஜர் பதவி எளிதாகக் கிடைத்திருக்கிறது, ஆனால் அப்படிப் போனவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்திருக்கிறது. கையில் உள்ள வேலையைச் செய்வது ஒரு வேலை, பிறர் கையால் அதைச் செய்ய வைப்பது வேறு வேலை.

சரி, அந்த இரண்டாவது வேலையை ஒருவர் செய்வாரா என்று அவர் அதைச் செய்வதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் கட்டமைத்த நேர்காணல். பெயர்தான் பெரியது, விஷயம் எளிது. வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்கிறோம். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை யாரும் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுகிறோம். உட்கார்ந்து கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அது பழைய மாதிரி "பையன் எப்படி, நல்லாப் பேசுறானே" என்கிற பேச்சாகிவிடும்.

கேள்விகளை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன", "நல்ல தலைவன் எப்படி இருக்க வேண்டும்" என்றெல்லாம் கேட்டால் யார் வேண்டுமானாலும் நன்றாகச் சொல்லிவிடலாம். நாங்கள் செய்தது இதுதான். லைனில் வேலை செய்த ஆறு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, கடந்த ஆறு மாதத்தில் லீடராக இருந்தவர் செய்த ஒரு காரியத்தால் லைன் தப்பித்த ஒரு சம்பவத்தையும், அவர் செய்யாமல் விட்டதால் கெட்டுப்போன ஒரு சம்பவத்தையும் சொல்லச் சொன்னோம். குணம் வேண்டாம், சம்பவம் மட்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டோம். "அவரு பொறுப்பானவரு" என்று ஆரம்பித்தால், "எந்த நாள், என்ன பண்ணாரு" என்று திருப்பிக் கேட்போம். 12 சம்பவம் வந்தது. அதில் திரும்பத் திரும்ப வந்தவை நான்கு விஷயங்கள்: தப்பான பீஸ் வந்தால் நிறுத்தி அது பரவாமல் தடுப்பது, கூடப் பழகியவரிடம் திருத்தம் சொல்வது, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, ஆள் குறைந்த நாளில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது. நான்கு போதும். எட்டு பத்து என்று எடுத்தால் ஒவ்வொன்றையும் நுனிப்புல் மேய்ந்ததாகத்தான் இருக்கும்.

கேள்வியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நடந்ததைக் கேட்பது: "இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?" இன்னொன்று, நடக்கப்போவதைக் கேட்பது: "இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" முதல்முறை லீடராக வருபவரிடம் முதல் வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நீங்கள் டீமை நடத்திய அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார், அவர்தான் இதுவரை நடத்தியதே இல்லையே? அதனால் பதவி இல்லாமலே அவர் செய்திருக்கக்கூடிய காரியமாகப் பார்த்துக் கேட்க வேண்டும். புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பக்கத்து மெஷின்காரரிடம் தப்பைச் சுட்டிக்காட்டுவதும் பதவி இல்லாமலே எல்லோரும் செய்வதுதான். பதவி இருந்தால் மட்டுமே வரக்கூடிய நிலைமையாக இருந்தால் இரண்டாம் வகைக் கேள்விக்குப் போக வேண்டும். தொழில் உளவியலாளர் கேரி லேத்தமும் அவரோடு இருந்தவர்களும் 1980-இல் இந்த இரண்டாம் வகைக் கேள்வியை மர அறுவை ஆலைத் தொழிலாளர்களிடமும் ஃபோர்மேன்களிடமும் போட்டுப் பார்த்தே வெளியிட்டார்கள். அதனால் இது ஏ.சி. ஆபீஸ்களுக்கான சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம், ஷாப் ஃப்ளோரில் வளர்ந்த முறைதான்.

எங்கள் முதல் கேள்வியை அப்படியே தருகிறேன்.

"காலை ஷிப்ட், மணி 11. நீங்கதான் லீடர். ஆறு வருஷமா உங்களோட ஒண்ணா டிபன் சாப்பிடுற ஒருத்தர் இன்செர்ட் மாத்தியிருக்கார், பழைய வேர் ஆஃப்செட்டை ஜீரோ பண்ண மறந்துட்டார். போர் பெருசாகி 40 பீஸ் ஓகே பின்னுக்குள்ள போயிருச்சு. ஒரு மணிக்கு வண்டி கிளம்பணும். 'இதை சார்கிட்ட சொல்லாதே, நான் பாத்துக்கிறேன்'னு அவர் சொல்றார். நீங்க என்ன செய்வீங்க?"

இதைக் கற்பனையாக எழுதவில்லை, அந்த 12 சம்பவத்தில் ஒன்றுதான், பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றினோம். மெஷின் ஷாப்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போர் என்றால் துளை, ஓகே பின் என்றால் நல்ல பீஸைப் போடும் பெட்டி. வெட்டும் முனையான இன்செர்ட் தேயத் தேயத் துளை சிறிதாகும், அதை ஈடுகட்ட ஆப்பரேட்டர் மெஷினில் பதிந்துள்ள திருத்த அளவான ஆஃப்செட்டைக் கூட்டிக்கொண்டே போவார். புது இன்செர்ட் போட்டுவிட்டு அந்தக் கூட்டலை எடுக்காவிட்டால் துளை பெரிதாகிவிடும். சிறிதான துளையை மறுபடி ஓட்டிச் சரிசெய்யலாம். பெரிதானது பெரிதானதுதான், ஸ்க்ராப். அதனால் "நான் பாத்துக்கிறேன்" என்று நண்பர் சொல்வதில் பார்த்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது தொழில் தெரிந்தவருக்கு உடனே உறைக்கும். நல்ல நிலைமைக் கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும். நேரம் நெருக்குகிறது, நட்பு ஒரு பக்கம் இழுக்கிறது, எதைச் செய்தாலும் ஏதோ ஒன்று வலிக்கிறது. "நண்பர் தப்பு செய்தால் சொல்வீர்களா" என்று மட்டும் கேட்டிருந்தால் எல்லோரும் "சொல்வேன் சார்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்து மதிப்பெண் அட்டவணை. 1 முதல் 5 என்று எண்ணை மட்டும் போட்டு, 5 என்றால் மிக நன்று, 1 என்றால் மோசம் என்று எழுதி வைத்தால் அதனால் எந்தப் பயனும் இல்லை, என் மிக நன்று வேறு, உங்கள் மிக நன்று வேறு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பதிலில் என்ன இருந்தால் அந்த எண் என்று எழுத வேண்டும். நாங்கள் 1, 3, 5-க்கு மட்டும் எழுதினோம், 2-ம் 4-ம் இடைப்பட்டவை. மேலே உள்ள கேள்விக்கு எழுதியது இது:

1 – பீஸைத் தொடாமல் ஆளை மட்டும் பார்க்கிறார். மறைக்க ஒத்துக்கொள்கிறார், அல்லது நண்பரைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். 40 பீஸும் பின்னில் அப்படியே இருக்கிறது.

3 – மெஷினை நிறுத்துகிறார், 40 பீஸையும் சிவப்பு பின்னுக்கு மாற்றுகிறார், குவாலிட்டிக்கும் சூப்பர்வைசருக்கும் உடனே சொல்கிறார்.

5 – 3-இல் உள்ள எல்லாமும் செய்வதோடு, கடைசியாகச் சரியாக அளந்த பீஸ் எது என்று தேடி அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் பிரிக்கிறார். வண்டிக்கு எத்தனை பீஸ் குறையும் என்று கணக்கோடு சொல்கிறார். நண்பரிடம் தனியாகப் பேசுகிறார். அடுத்த இன்செர்ட் மாற்றத்தில் இது திரும்பாமல் இருக்க ஒரு வழி சொல்கிறார்.

இதை எழுதும்போதுதான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. குவாலிட்டி பார்ப்பவர், நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதெல்லாம் எதற்கு, பீஸைப் பிரித்தால் போதாதா என்றார். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவர் அடுத்த தடவை தப்பு நடந்தால் வாயைத் திறக்க மாட்டார், தப்பு வெளியே வருவதே நின்றுவிடும் என்றேன். அரை மணி நேரம் பேசி ஒத்துக்கொண்டோம். அந்தச் சண்டை ஆள் வருவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும். ஆள் வந்துபோன பிறகு நடந்தால், நமக்குப் பிடித்தவருக்குத் தோதாக அளவுகோலை வளைப்பதில்தான் போய் முடியும்.

இன்னொரு கேள்வி நடந்ததைக் கேட்கும் வகை: "கடந்த ஒரு வருஷத்துல புதுசா வந்த ஒருத்தருக்கு நீங்க சொல்லிக்கொடுத்த ஒரு வேலையைச் சொல்லுங்க." இந்த மாதிரிக் கேள்விக்குத் துணைக்கேள்விகளையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். எங்களுடையது நான்கு. என்ன வேலை? முதல் நாள் என்ன செய்தீர்கள்? அவர் தப்பு செய்தபோது என்ன செய்தீர்கள்? இப்போது அவர் அதைத் தனியாகச் செய்கிறாரா? இதைத் தாண்டி எடுத்துக்கொடுக்கக் கூடாது. பிடித்த ஆள் திணறும்போது "நீங்க அவனுக்கு காட்டிக்கொடுத்திருப்பீங்களே" என்று நம் வாயே பதிலை ஊட்டிவிடும், நமக்கே அது தெரியாது.

மூன்று பேர் வந்தார்கள், மூவருமே எங்கள் ஆட்கள்தான், ஊரை வைத்தே சொல்கிறேன். பாலக்கோட்டுக்காரர் 11 வருஷ அனுபவம், செட்டிங்கில் அவரை அடிக்க ஆள் இல்லை. ராயக்கோட்டைப் பெண் நான்கு வருஷமாக ஆப்பரேட்டர், அதிகம் பேச மாட்டார். தேன்கனிக்கோட்டைப் பையன் மூன்று வருஷம், டிப்ளமோ, தமிழ் கன்னடம் தெலுங்கு மூன்றிலும் சரளமாகப் பேசுவான். கேட்பவர்கள் மூன்று பேர்: நான், குவாலிட்டி பார்ப்பவர், பக்கத்து லைன் சூப்பர்வைசர். அந்த மூன்றாவது ஆள் முக்கியம். எனக்கு இந்த மூவரையும் வருஷக்கணக்காகத் தெரியும், அந்தப் பழக்கம் என் பேனாவில் இறங்கும், அவருக்கு அது கிடையாது. ஒரே கேன்டீனில் சாப்பிடுபவர்கள் என்பதால் மூவரையும் ஒரே மதியத்தில் அடுத்தடுத்து முடித்தோம், ஒருவர் முடித்ததும் நேராக லைனுக்குப் போகாமல் வேறு அறையில் உட்கார வைத்தோம். ஆளுக்கு 35 நிமிஷம்.

பதிலை எழுதும்போது கருத்தை எழுதக் கூடாது, அவர் சொன்ன வார்த்தையை எழுத வேண்டும். "கற்றுக்கொடுப்பதில் பலவீனம்" என்று எழுதினால் நாளைக்கு அதை வைத்து ஒன்றும் சரிபார்க்க முடியாது. பாலக்கோட்டுக்காரர் சொன்னது என் தாளில் இப்படி இருக்கிறது: "சொல்லிக்கொடுத்தேன் சார், அவனுக்கு வரல. லேட் ஆவுதுன்னு நானே செட் பண்ணிட்டேன். இப்பவும் நான்தான் பண்றேன்." அட்டவணையில் அந்தக் கேள்விக்கு 1 என்பது "வேலையைத் தானே எடுத்துச் செய்துவிடுகிறார், கற்றவர் இன்னும் தனியாகச் செய்வதில்லை." மூன்று பேருமே 1 போட்டோம். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ராயக்கோட்டைப் பெண் சொன்னதை இப்போதும் மறக்க முடியவில்லை. புதிதாக வந்த ஒரு பெண் மைக்ரோமீட்டரில் ஷாஃப்ட் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வந்திருக்கிறது. இவர் தப்பு எது என்று சொல்லவே இல்லை. ஒரே பீஸைப் பத்து தடவை அளந்து வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதியதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தபோது, திருகும் பாகமான திம்பிளை இறுக்கிய தடவையெல்லாம் அளவு குறைந்து வந்திருப்பதை அந்தப் பெண்ணே கண்டுபிடித்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் அழுத்தம் ஒரே அளவாக இருக்க நுனியில் உள்ள ராட்செட்டைப் பிடித்துத் திருப்பச் சொல்லிக் காட்டியிருக்கிறார். "இப்ப அவளே இன்னொருத்திக்கு சொல்லித் தரா சார்." 5.

ஒவ்வொரு ஆளும் போனதும் பேசிக்கொள்ளாமல் மதிப்பெண் போட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தோம். மூவரும் முடிந்த பிறகுதான் திறந்தோம். ஒரு கேள்விக்கு இரண்டு பேர் போட்டதில் 2 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் பேச வேண்டும் என்பது விதி. பழகியவரிடம் திருத்தம் சொல்லும் கேள்வியில் ராயக்கோட்டைப் பெண்ணுக்கு நான் 4, பக்கத்து லைன் சூப்பர்வைசர் 4, குவாலிட்டி பார்ப்பவர் 2 போட்டிருந்தோம். ஏன் என்று கேட்டோம். "குரலே வரலையே, லைன்ல யார் கேப்பா இவங்க பேச்சை?" என்றார். அட்டவணையை எடுத்து வைத்தோம். அதில் குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருடைய தாளிலேயே இருந்த குறிப்பை அவரையே படிக்கச் சொன்னோம். தன்னைவிட மூத்த ஆப்பரேட்டர் ஒருவர் கேஜ் வைக்காமலே டிக் போட்டதைப் பார்த்து, டீ டைமில் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இந்த மூணு பீஸை நாம ரெண்டு பேரும் ஒரு தடவை வெச்சுப் பாக்கலாமா" என்று கேட்டதாக அதில் இருந்தது. படித்து முடித்து அவரே 4 ஆக மாற்றிக்கொண்டார். இப்படி மாற்றும்போது ஒரு நிபந்தனை வேண்டும்: தாளில் எழுதியிருக்கிற வார்த்தையைக் காட்டித்தான் மாற்றலாம், "எனக்கு அவரைத் தெரியும்" என்று சொல்லி மாற்றக் கூடாது.

கடைசிக் கணக்கு, மூவர் போட்டதன் சராசரியை முழு எண்ணாக்கி, நான்கு விஷயங்களையும் நான் மேலே சொன்ன அதே வரிசையில்: பாலக்கோட்டுக்காரர் 4, 2, 1, 3, ஆக மொத்தம் 10. தேன்கனிக்கோட்டைப் பையன் 2, 3, 3, 4, மொத்தம் 12. ராயக்கோட்டைப் பெண் 4, 4, 5, 3, மொத்தம் 16. மொத்தத்தைத் தவிர எங்களுக்கு இன்னொரு விதியும் இருந்தது. தப்பான பீஸைத் தடுக்கும் கேள்வியில் 3-க்குக் கீழே வாங்கினால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் இப்போதைக்கு லீடர் இல்லை. தேன்கனிக்கோட்டைப் பையன் அதில் 2. நண்பரைக் காப்பாற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை, ஆனால் நண்பரை எப்படிச் சமாதானப்படுத்துவேன் என்று ஐந்து நிமிஷம் அழகாகப் பேசினான், பின்னுக்குள் இருக்கிற 40 பீஸைக் கடைசியில் நினைவு வந்த மாதிரி ஒரு வரியில் தொட்டான். அட்டவணை இல்லாமல் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் அவனைத்தான் எடுத்திருப்போம், மூவருமே அதை ஒத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு எடை போடலாமா என்று கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம். சமமாகக் கூட்டுங்கள், விடவே முடியாத ஒரு விஷயத்துக்கு மட்டும் இப்படி ஒரு கீழ்வரம்பு வையுங்கள், அது போதும்.

இதனால் எவ்வளவு சொல்ல முடியும், எவ்வளவு முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2022-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டார்கள். நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பின்னால் வேலையில் காட்டிய திறனுக்கும் உள்ள ஒட்டுறவு, கட்டமைத்த நேர்காணலில் 0.42, மனம்போன போக்கில் கேட்பதில் 0.19 என்று வந்தது. 1 என்றால் அப்படியே பொருந்துகிறது, 0 என்றால் சம்பந்தமே இல்லை. 0.42 என்பது அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் முதலிடம்தான், ஆனால் 1-க்கு ரொம்ப தூரத்தில் இருக்கிறது. அதனால் 16-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒருவரை எடுத்து ஒருவரைத் தள்ளக் கூடாது. அப்படி நெருங்கி வந்தால் இருவருக்கும் ஒரு வாரம் ஷிப்ட் ஒப்படைப்பைக் கொடுத்து, எழுதி வைப்பதையும் சொல்வதையும் பாருங்கள். 16-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் வேறு கதை.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வருபவர்கள் ஏராளம். நேர்காணல் அறையின் சுத்தத் தமிழிலோ அரைகுறை இங்கிலீஷிலோ திணறுபவரை விஷயமே தெரியாதவர் என்று நினைத்துவிடுவோம். எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்பவர்களில் ஒருவருக்காவது அந்த மொழி தெரிந்திருக்கட்டும்.

கிடைக்காதவர்களிடம் பேசுவது பற்றி. பாலக்கோட்டுக்காரரிடம் நானே போய் உட்கார்ந்தேன். 11 வருஷம், வருத்தம் இல்லாமல் இருக்குமா? "அண்ணா, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல" என்று பொதுவாகச் சொல்லிச் சமாளிக்கவில்லை, அவர் சொன்ன வார்த்தைகளையே தாளில் இருந்து படித்துக் காட்டினேன், பக்கத்தில் அட்டவணையில் 1-க்கும் 5-க்கும் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அந்தப் பையனுக்கு நான் டைமே குடுக்கல சார்" என்றார். இப்போது அதே பையனோடு வாரத்துக்கு இரண்டு செட்டிங், பையன் கை வைப்பான், இவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார், அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.

கேள்விகள் அன்றோடு வெளியே போய்விட்டன, லைனில் எல்லோருக்கும் அந்த 40 பீஸ் கதை தெரியும். அடுத்த தடவைக்கு அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் சூப்பர்வைசர் மேஜையில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம், லைனில் ஏதாவது நடந்தால் தேதி, என்ன நடந்தது, யார் என்ன செய்தார் என்று நாலு வரி. அடுத்த லீடரை எடுக்கும்போது கேள்விகளை அந்த நோட்டிலிருந்துதான் எழுதப்போகிறோம். இந்த மாதம் இதுவரை மூன்று சம்பவம் ஏறியிருக்கிறது.